லிட்டன் 49.6 டிகிரி: "150 மடங்கு" என்று எந்தக் கணக்கில் சொன்னார்கள்?

பரணி_மதுரை

2021 ஜூன் 29ஆம் தேதி கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்திலுள்ள லிட்டன் என்ற சின்ன ஊரில் 49.6 டிகிரி வெயில் பதிவானது. அதுவரை கனடா முழுமைக்கும் இருந்த உச்சம் 45, அதுவும் 1937இல். பழைய உச்சத்தை அரை டிகிரி, ஒரு டிகிரி தாண்டுவதுதான் வழக்கம். இது 4.6 டிகிரி தாண்டியிருக்கிறது. மறுநாள் அந்த ஊரே தீயில் போனது.

என் கேள்வி வெயிலைப் பற்றி இல்லை, அதற்குப் பின் வந்த அறிக்கையைப் பற்றி. ஜூலை 7ஆம் தேதியே ஒரு விஞ்ஞானிகள் குழு முடிவைச் சொல்லிவிட்டது. இப்போதைய காலநிலையிலும் இது ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுக்கு ஒரு முறை வரக்கூடியது, மனிதரால் வந்த வெப்பமாதல் இல்லையென்றால் குறைந்தது 150 மடங்கு அரிதாக இருந்திருக்கும் என்றார்கள். அங்கே ஒழுங்கான பதிவு இருப்பதே சில பத்தாண்டுகளுக்குத்தான். அதை வைத்துக்கொண்டு ஆயிரம் என்கிறார்கள், 150 என்கிறார்கள். நான் ஆடிட்டர் ஆபீசில் வேலை பார்ப்பவன். எவ்வளவு பெரிய தொகை என்றாலும் வவுச்சரைக் காட்டு என்பேன். இதற்கு வவுச்சர் எங்கே?

சோழன்67

வவுச்சரே கிடையாது பரணி. ஒரு தனிச் சம்பவத்தைக் காலநிலை மாற்றத்தின் கணக்கில் எழுத முடியாது என்று விஞ்ஞானிகளே பல காலம் சொல்லிவந்தார்கள். அன்று நடந்தது வெப்பக் குவிமாடம். உயர் அழுத்தப் பகுதி ஒன்று நாள்கணக்கில் நகராமல் நின்றது, காற்று கீழிறங்கி அழுந்திச் சூடானது, மேகம் இல்லை. காரணம் அவ்வளவுதான். 1937இல் எத்தனை கார் ஓடியது?

நிரஞ்சனா_கா

சோழன் சார் சொன்னதில் பாதி சரி. குவிமாடம் இல்லாமல் அந்த வெயில் இல்லை, அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் அவர்கள் கேட்ட கேள்வியே வேறு. "எதனால் வந்தது?" என்று கேட்கவில்லை. "இந்த அளவை எட்டும் வெயில், இன்றைய பூமியில் வர எவ்வளவு வாய்ப்பு, 1.2 டிகிரி சூடாகாத பழைய பூமியில் எவ்வளவு வாய்ப்பு?" என்று கேட்டார்கள். குவிமாடங்கள் இரண்டு பூமியிலும் வரும். அதே மாதிரிக் குவிமாடம் வந்தால் தெர்மாமீட்டர் எதுவரை ஏறும் என்பதில்தான் வித்தியாசம்.

நான் இந்தத் துறையில் கொஞ்ச காலம் வேலை செய்திருக்கிறேன். பரணி கேட்ட வவுச்சரைப் படிப்படியாகக் காட்டப் பார்க்கிறேன்.

முதல் வேலை, சம்பவம் என்றால் எது என்று வரையறுப்பது. லிட்டனின் 49.6ஐ அவர்கள் எடுக்கவில்லை. சாதனை முறிந்த ஊரைத் தேடிப் பிடித்துக் கணக்குப் போட்டால் விடை முன்கூட்டியே ஒரு பக்கம் சாய்ந்துவிடும். அதனால் வடக்கு அட்சம் 45 முதல் 52 வரை, மேற்குத் தீர்க்கம் 119 முதல் 123 வரை ஒரு பெட்டி போட்டார்கள். போர்ட்லண்ட், சியாட்டில் வட்டாரமும் வான்கூவரை ஒட்டிய பகுதியும் அதில் அடங்கும், லிட்டனும் உள்ளேதான் இருக்கிறது. அந்தப் பெட்டி முழுவதற்கும் ஒவ்வொரு நாளின் அதிகபட்ச வெப்பத்தைச் சராசரி எடுத்து, ஒவ்வொரு வருஷத்திலும் மிகச் சூடான ஒரே ஒரு நாளை மட்டும் வைத்துக்கொண்டார்கள். வருஷத்துக்கு ஓர் எண், 1950 முதல். 2021க்கான எண் 39.5.

அடுத்து, அந்த எண்களை ஆண்டுக்கு எதிராக அடுக்காமல் அந்தந்த ஆண்டின் உலகச் சராசரி வெப்பத்துக்கு எதிராக அடுக்குகிறார்கள். உலகம் ஒரு டிகிரி சூடானால் இந்தப் பெட்டியின் உச்ச நாள் எத்தனை டிகிரி நகர்கிறது என்று அதில் தெரியும். நகர்வு தெரிந்துவிட்டால், எந்த அளவு வெப்பம் எவ்வளவு அடிக்கடி வரும் என்று காட்டும் பரவல் கோட்டைப் பின்னால் தள்ளி, பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் அது எங்கே இருந்திருக்கும் என்று வைக்கலாம். அங்கே 39.5க்கு மேல் எவ்வளவு மிஞ்சுகிறது, இன்று எவ்வளவு மிஞ்சுகிறது என்று பார்த்து, இரண்டையும் வகுத்தால் வருவதுதான் "மடங்கு".

இதையே காலநிலை மாடல்களிலும் தனியாகச் செய்து பார்ப்பார்கள். எல்லா மாடலையும் சேர்த்துக்கொள்வதில்லை. பருவச் சுழற்சி, வெப்பம் இடத்துக்கு இடம் மாறும் விதம், உச்ச நாள்களின் பரவல் ஆகியவை நிஜப் பதிவோடு ஒத்துவராத மாடலை ஒதுக்கிவிடுவார்கள்.

வேலாயுதம்

ஆயிரம் வருஷத்துக்கு ஒருமுறை என்றால் இனி நம் பேரன் பேத்தி காலத்திலும் வராது. அப்புறம் எதற்கு இத்தனை ஆராய்ச்சி?

நிரஞ்சனா_கா

வேலாயுதம் ஐயா, அது தவணை இல்லை. எந்த ஒரு வருஷத்திலும் ஆயிரத்தில் ஒரு பங்கு வாய்ப்பு என்று அர்த்தம். இந்த வருஷம் வந்துவிட்டதால் அடுத்த வருஷம் வாய்ப்புக் குறையாது. அதுவும் பூமி இன்றைய சூட்டிலேயே நின்றால்தான் அந்த ஆயிரம். உலகச் சராசரி 2 டிகிரி உயர்வை எட்டினால் அந்தப் பெட்டியில் இப்படியொரு நாள் ஐந்து முதல் பத்து வருஷத்துக்கு ஒருமுறை வரலாம் என்று அதே அறிக்கை சொல்கிறது.

தேன்மொழி_பர்னபி

நான் அன்று வான்கூவர் பக்கத்தில்தான் இருந்தேன். எங்கள் கட்டடத்தில் யார் வீட்டிலும் ஏசி கிடையாது, இங்கே அது தேவைப்பட்டதே இல்லை. மேற்குப் பார்த்த ஜன்னலுக்கு அலுமினியத் தாள் ஒட்டி, துணியை நனைத்துத் தொங்கவிட்டு, பிள்ளைகளைக் குளியல் தொட்டியில் உட்காரவைத்தோம். பகலைவிட இரவுதான் கொடுமை, சுவர் ஆறவே இல்லை. மாகாணத்தின் மரண விசாரணைத் துறை பிறகு வெளியிட்ட அறிக்கையில் வெயிலால் இறந்தவர்கள் 619 பேர். ஏறக்குறைய எல்லாரும் வீட்டுக்குள்ளேயே இறந்தவர்கள். மூன்றில் இரண்டு பங்கினர் 70 வயதோ அதற்கு மேலோ.

அதனால் கேட்கிறேன். அந்த 619 பேரில் எத்தனை பேர் வெப்பமாதலால் இறந்தார்கள் என்று இந்தக் கணக்கு சொல்லுமா?

நிரஞ்சனா_கா

இந்தக் கணக்கு சொல்லாது அக்கா. இது வெப்பத்தோடு நின்றுவிடுகிறது. மரணத்துக்குப் போக வேண்டுமானால் எத்தனை டிகிரியில் எத்தனை பேர் கூடுதலாக இறக்கிறார்கள் என்று இன்னொரு வளைகோடு வேண்டும். அது ஏசி, வயது, தனியாக வாழ்கிறார்களா என்பதையெல்லாம் பொறுத்தது. அப்படிச் செய்யும் ஆய்வுகள் உண்டு, ஆனால் நான் மேலே சொன்ன படிகளில் அது இல்லை.

அ.புகழேந்தி

எம்.எஸ்ஸி. புள்ளியியல் பாடம் எடுக்கிறேன். நிரஞ்சனா சொல்லாமல் தாண்டிப்போன ஓர் இடம் இருக்கிறது. பரணி கேட்கும் வவுச்சர் காணாமல் போனது அங்கேதான்.

வருஷ உச்சங்களுக்குப் பொருத்தும் பரவலில் வால், அதாவது மிக அரிதான உச்சங்கள் இருக்கும் ஓரம், எப்படி முடிகிறது என்பதை ஓர் அளவுரு தீர்மானிக்கும். வெப்பத்துக்கு அது பெரும்பாலும் எதிர்மறையாக வரும். அதாவது இதற்கு மேல் போகவே முடியாது என்று ஓர் உச்சவரம்பு உண்டு. 2020 வரை உள்ள எண்களை மட்டும் வைத்துப் பொருத்திப் பார்த்தார்கள். வெப்பமாதலைக் கணக்கில் சேர்த்த பிறகும் அந்த உச்சவரம்பு 39.5க்குக் கீழே நின்றது! அந்தக் கணக்கின்படி 2021இல் நடந்தது நடந்திருக்கவே முடியாது.

என்ன செய்தார்கள்? 2021ஐயும் தரவில் சேர்த்து மறுபடி பொருத்தினார்கள். வால் நீண்டது, ஆயிரம் ஆண்டு என்ற எண் வந்தது. எந்தப் புள்ளியைப் பார்த்து ஆய்வு செய்யவே முடிவெடுத்தோமோ அதே புள்ளியை அளவுகோலுக்குள் திணிப்பது தேர்வுச் சாய்வு. என் மாணவன் செய்தால் மதிப்பெண் குறைப்பேன்.

சோழன்67

பார்த்தீர்களா? விடையை முதலில் எழுதிவிட்டுக் கணக்குப் போட்டிருக்கிறார்கள்.

அ.புகழேந்தி

நான் அப்படிச் சொல்லவில்லை ஐயா. எதையும் மறைக்கவில்லை, 2021ஐச் சேர்த்தோம் என்று அவர்களே அறிக்கையில் எழுதியிருக்கிறார்கள். தவிர, சேர்த்ததால் அந்த நிகழ்வு இன்றைக்கு அவ்வளவு அரிதில்லை என்ற பக்கம்தான் கணக்கு சாய்கிறது. சேர்க்காவிட்டால் இன்றும் முடியாது, அன்றும் முடியாது. பூச்சியத்தைப் பூச்சியத்தால் வகுக்க வேண்டியிருக்கும்.

நிரஞ்சனா_கா

புகழேந்தி சார் சொன்ன நிகழ்ச்சி உண்மை. அதைத் தாண்டிப்போனது என் சோம்பல்தான். ஆனால் தீர்ப்பில் எனக்கு உடன்பாடில்லை. சேர்த்தால் ஒரு பக்கம் சாய்வு, விட்டால் மறுபக்கம் சாய்வு. நிஜமாக நடந்துவிட்ட ஒன்றை நடக்க முடியாதது என்று சொல்லும் பரவல் தப்பான பரவல்தானே? அதைக் கையில் வைத்துக்கொண்டு சுத்தமான முறை என்று எப்படிச் சொல்வது?

அ.புகழேந்தி

நடுவழி ஒன்று உண்டு. 2003இல் ஐரோப்பாவைத் தாக்கிய கோடைக்கு ஸ்டாட், ஸ்டோன், ஆலன் மூவரும் 2004இல் எழுதிய கட்டுரைதான் இந்த வகையில் முன்னோடி. அவர்கள் 2003இன் அளவையே வாசலாக வைக்கவில்லை. சராசரியைவிட 1.6 டிகிரி கூடுதல் என்ற அளவை வைத்தார்கள். 1851 முதல் அதைத் தாண்டிய கோடை 2003 ஒன்றுதான், ஆனால் 2003 நின்ற உயரம் அதைவிட அதிகம். அந்த வாசலைத் தாண்டும் வாய்ப்பை மனிதச் செயல் குறைந்தது இரண்டு மடங்காக்கியிருக்க மிகுந்த சாத்தியம் உண்டு என்று முடித்தார்கள். அடக்கமான எண், ஆனால் நிற்கிறது.

குமரன்_பைதான்

பேச்சு நீளுகிறது, ஓட்டிப் பார்த்துவிடலாமே. கீழே இருப்பது விளையாட்டு எண்கள், ஆய்வில் வந்தவை அல்ல. 33 இன்றைய பூமி, 31 பழைய பூமி, நகர்வு 2 டிகிரி. பைதானின் சைபை நூலகத்தில் வால் அளவுருவின் குறி தலைகீழ், அதனால் 0.2 என்றால் உச்சவரம்பு உள்ள பரவல்.

```
from scipy.stats import genextreme as g
for mu in (33, 31):
    for x in (36, 39.5):
        print(mu, x, g.sf(x, 0.2, loc=mu, scale=1.65))
```

36 டிகிரியைத் தாண்டுவது இன்றைய பூமியில் ஏறக்குறைய 10 வருஷத்துக்கு ஒரு முறை, பழைய பூமியில் 106 வருஷத்துக்கு ஒரு முறை. சுமார் பத்து மடங்கு. 39.5ஐத் தாண்டுவது இன்று 2,300 வருஷத்துக்கு ஒரு முறை, பழைய பூமியில் பூச்சியம். பழைய பரவலின் உச்சவரம்பு 39.25இல் முடிந்துவிடுகிறது. மடங்கு முடிவிலிக்குப் போய்விட்டது!

இரண்டுக்கும் நகர்வு அதே 2 டிகிரிதான். எனக்கே ஆச்சரியம்.

நிரஞ்சனா_கா

குமரன், இதை நானே எழுதியிருக்க வேண்டும், நன்றி. இந்த இழையில் நான் சொல்ல விரும்பியது அந்த நாலு வரியில் இருக்கிறது. மடங்கு என்பது எவ்வளவு அரிதான நிகழ்வை எடுத்தோம் என்பதைப் பொறுத்துத் தாறுமாறாகப் பெருகும். வாலின் நுனிக்குப் போகப் போக, அளவுருவை மயிரிழை மாற்றினாலும் 150, 5,000, முடிவிலி என்று எதுவும் வரும். அதனால்தான் அறிக்கை "150 மடங்கு" என்று சொல்லவில்லை, "குறைந்தது 150 மடங்கு" என்றது. கீழ் எல்லையை மட்டும்தான் சொல்ல முடிந்தது. செய்தித் தலைப்புகளில் "குறைந்தது" உதிர்ந்துவிடுகிறது.

அதே அறிக்கையில் இன்னோர் எண் இருக்கிறது. அதே அளவு அரிதான நாள், பழைய பூமியில் ஏறக்குறைய 2 டிகிரி குளிர்ச்சியாக இருந்திருக்கும் என்பது. உலகச் சராசரி 1.2 உயர்ந்தபோது இங்கே 2 என்பதில் வியப்பில்லை, கடலைவிட நிலம் வேகமாகச் சூடாகும். இந்த எண் வாலின் நுனியை அவ்வளவாக நம்பி நிற்கவில்லை, முழுப் பரவலும் எவ்வளவு நகர்ந்தது என்பதை நம்பி நிற்கிறது. பரணி, வவுச்சர் உள்ள தொகை என்று கேட்டால் நான் 2 டிகிரியைத்தான் காட்டுவேன்.

சோழன்67

அப்படியானால் வெப்பமாதல் இல்லாவிட்டாலும் அங்கே 47, 48 வந்திருக்கும். குவிமாடம்தான் பெரும்பங்கு என்று நான் முதலிலேயே சொன்னேன்.

நிரஞ்சனா_கா

லிட்டன் என்ற ஒற்றைப் புள்ளிக்கு அப்படியே கழிக்க முடியாது, 2 டிகிரி பெட்டிச் சராசரிக்கு. ஆனால் நீங்கள் சொல்லும் வடிவம் சரிதான். அதே குவிமாடம் பழைய பூமியில் வந்திருந்தாலும் கடும் வெயிலாகத்தான் இருந்திருக்கும். அந்த அளவின் பெரும்பகுதி வானிலை, கடைசி 2 டிகிரி வெப்பமாதல். அந்தக் கடைசி 2 டிகிரிதான் வாய்ப்பை நூறு மடங்குக்கு மேல் மாற்றுகிறது. இரண்டும் ஒரே கணக்கின் இரு முகங்கள். 2010 ரஷ்ய வெப்ப அலைக்கு ஒரு குழு "பெரும்பாலும் இயற்கை" என்றது, இன்னொரு குழு "வெப்பமாதல் இல்லையேல் அந்தச் சாதனை வந்திருக்க 20 சதவீத வாய்ப்புத்தான்" என்றது. முதல் குழு டிகிரியைப் பார்த்தது, இரண்டாவது வாய்ப்பைப் பார்த்தது என்று 2012இல் ஒரு கட்டுரை விளக்கிய பிறகுதான் சத்தம் அடங்கியது.

முடிச்சூர்க்காரன்

கனடாவை விடுங்கள். 2015 டிசம்பர் 1ஆம் தேதி எங்கள் வீட்டில் முதல் மாடிப் படிக்கட்டு வரை தண்ணீர். அடையாறு எந்தப் பக்கம் ஓடுகிறது என்றே தெரியவில்லை. அதற்கு யாராவது இந்த மாதிரிக் கணக்குப் போட்டார்களா? எங்கள் தெருவில் கேட்டால் ஏரியைத் திறந்ததுதான் காரணம் என்பார்கள்.

நிரஞ்சனா_கா

போட்டார்கள். நெதர்லாந்து வானிலை நிறுவனத்தின் வான் ஓல்டன்பார்க், ஆக்ஸ்ஃபோர்டிலிருந்த ஃப்ரெடரிக்கே ஓட்டோ, ஐ.ஐ.டி. டெல்லியின் கிருஷ்ணா அச்சுதராவ் உள்ளிட்ட குழு 2016இல் வெளியிட்டது. விடை உங்களுக்கு ஏமாற்றமாக இருக்கலாம். அந்த ஒருநாள் பெருமழையில் புவி வெப்பமாதலின் தாக்கம் எதுவும் அவர்களுக்குப் பிடிபடவில்லை.

ஏரி விவகாரத்தை அந்த ஆய்வு தொடவில்லை, வானத்திலிருந்து விழுந்த மழையை மட்டும் பார்த்தது. மழைக்கு, காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதல் ஈரம் தாங்கும் என்ற பொது விதி உண்டு. அதை வைத்து "கண்டிப்பாகக் கூடியிருக்கும்" என்று எழுதிவிடலாம். ஆனால் அவர்கள் பார்த்த மழைப் பதிவில் அந்தக் கூடுதல் தெரியவில்லை. இதுவரை தூசும் புகையும் வெயிலை மறைத்து, பசுமை இல்ல வாயுக்களின் சூட்டை ஈடுகட்டியிருக்கலாம் என்பது அவர்கள் சொன்ன விளக்கம்.

சோழன்67

"இல்லை" என்றும் விடை வருமா? இதை நான் எதிர்பார்க்கவில்லை.

நிரஞ்சனா_கா

வரும். ராஜஸ்தானில் பலோடியில் 2016 மே 19 அன்று 51 டிகிரி அடித்ததே, அதற்கும் வெப்பமாதல் வாய்ப்பைக் கூட்டியதாக அவர்களால் காட்ட முடியவில்லை. அங்கேயும் காற்று மாசும் பாசனமும் குறுக்கே நிற்கின்றன.

ஆனால் ஒன்று சார், "பிடிபடவில்லை" என்பது "பங்கில்லை" ஆகாது. சென்னையில் வடகிழக்குப் பருவமழை வருஷத்துக்கு வருஷம் தாறுமாறாக ஆடும். அந்த ஆட்டத்துக்குள் 10 சதவீத மாற்றம் ஒளிந்திருந்தால் சில பத்தாண்டுப் பதிவில் தெரியாது. வெப்பத்துக்கு வருஷ ஆட்டம் சிறியது, நகர்வு பெரியது, அதனால் சீக்கிரம் தெரிகிறது. மழைக்கு நிலைமை தலைகீழ். தவிர, தூசி சில நாளிலோ ஓரிரு வாரத்திலோ மழையோடு இறங்கிவிடும். கரியமில வாயு நூற்றாண்டுகள் நிற்கும். புகையைச் சுத்தம் செய்தால் மறைந்திருந்த சூடு வெளியே வரும்.

முடிச்சூர்க்காரன்

அப்போது எங்கள் தெரு கேஸ் "ஆதாரம் போதவில்லை" என்று நிற்கிறது. சரி, ஏரிக்காரர்கள் விடமாட்டார்கள்.

பரணி_மதுரை

மறுபடி லிட்டனுக்கு வருகிறேன். பரவல் முழுவதும் 2 டிகிரி நகர்ந்தது என்கிறீர்கள். 2020 வரை வைத்துப் பார்த்தால், நகர்த்திய பிறகும் 39.5 வரம்புக்கு வெளியே நின்றது என்கிறார் புகழேந்தி சார். அப்படியென்றால் வெறும் நகர்வு தவிர வேறு ஏதோ நடந்திருக்கக் கூடாதா?

நிரஞ்சனா_கா

அறிக்கை எழுதியவர்களே அந்தச் சந்தேகத்தைத் திறந்து வைத்துவிட்டார்கள். ஒன்று, சூடான பூமியில் மிக மோசமான அதிர்ஷ்டம். அல்லது ஏதோ ஓர் எல்லையைத் தாண்டியதால், நேர்கோட்டில் போகாத ஒரு விளைவு சேர்ந்திருக்கிறது. முதலாவது சரியென்றால் என் 2 டிகிரி நிற்கும். இரண்டாவது சரியென்றால் 2 டிகிரி குறைமதிப்பீடு. மண் காய்ந்திருந்தால் வெயிலின் சக்தி நீரை ஆவியாக்குவதில் செலவாகாமல் காற்றைச் சூடாக்கப் போய்விடும். அந்த வாரம் மண் வறட்சி வெப்பத்தைக் கூட்டியது என்று பின்னால் வந்த ஆய்வுகள் காட்டுகின்றன. எவ்வளவு கூட்டியது, வெப்பமாதல் அந்தப் பிணைப்பையே வலுவாக்கியதா என்பதில் எல்லாரும் ஒரே இடத்தில் நிற்கவில்லை. குவிமாடங்களே அடிக்கடி வரத் தொடங்கிவிட்டனவா என்பதும் அப்படித்தான்.

அ.புகழேந்தி

அதனால்தான் சொல்கிறேன், 2021ஐப் பொருத்தத்துக்குள் சேர்த்தபோது இந்த இரண்டாவது சாத்தியத்தை "அதே பரவலிலிருந்து வந்த இன்னொரு புள்ளி" என்று மூடிவிட்டார்கள். 2 டிகிரிகூட அந்த அனுமானத்தின் மேல்தான் நிற்கிறது, நிரஞ்சனா நினைக்கும் அளவுக்குத் தனியாக இல்லை.

நிரஞ்சனா_கா

மாடல்களும் அதே அளவு நகர்வைத்தான் காட்டுகின்றன சார். மாடல்களுக்கு 2021 நடந்ததே தெரியாது.

அ.புகழேந்தி

அந்த மாடல்களில் மண் எவ்வளவு நன்றாகக் காய்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். குமரன், நேரம் இருந்தால் ஒன்று செய்யுங்கள். வான் ஓல்டன்பார்க் உருவாக்கிய KNMI Climate Explorer என்ற காலநிலைத் தரவுத் தளம் எல்லாருக்கும் திறந்தது. அதே பெட்டியை எடுத்து 2021 சேர்த்தும் சேர்க்காமலும் ஓட்டுங்கள். பிறகு பெட்டியை இரண்டு டிகிரி கிழக்கே தள்ளி மறுபடி ஓட்டுங்கள். நகர்வு எண் எவ்வளவு அசைகிறது என்று இங்கே போடுங்கள், மிச்சத்தை அதைப் பார்த்துச் சண்டை போடலாம்.

குமரன்_பைதான்

ஞாயிற்றுக்கிழமை ஓட்டிப் போடுகிறேன் சார். பெட்டியைக் கடல் பக்கம் தள்ளினால் என்ன ஆகும் என்றும் பார்க்கிறேன்.